சீட்டக்காவும் ஒன்பது மணி அழைப்பும்

ஆஸ்பத்திரித் துணிக்கிடங்கில் அவளுக்கு வைத்த பெயர் சீட்டக்கா. இருபத்திரண்டு வருஷமாகச் சீட்டு இல்லாமல் ஒரு தலையணை உறைகூட அவள் கையைத் தாண்டிப் போனதில்லை. பெரிய டாக்டரே வந்து பல்லைக் காட்டினாலும், "எழுதிட்டு வாங்க சார், துணி எங்கயும் ஓடிப்போயிடாது" என்பாள். அப்படிப்பட்டவள்தான் சொந்த வீட்டு விஷயத்தில் வாய்ப்பேச்சை நம்பிக் கோட்டைவிட்டாள்.

அப்பா நெஞ்சுவலிக்காரர். அவருக்காக ஒரு அவசர உதவிக் கம்பெனியில் தன் பெயரில் இணைப்பு வாங்கியிருந்தாள். கூடத்தில் ஒரு பெட்டி. தினமும் காலை ஒன்பது மணிக்கு அது அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "நல்லா இருக்கீங்களா ஐயா?" என்று கேட்கும். பச்சைப் பொத்தானை அழுத்தினால் நலம். அழுத்தாவிட்டால் ஆள் வரும்.

அப்பா போய் மூன்று மாதமாகிறது. அம்மாவுக்கோ மறதி நோய். பெட்டி கூப்பிட்டதும், "இதோ வர்றார், இருங்க" என்று சொல்லிவிட்டுக் குளியலறை, மாடி எல்லாம் தேடுவாள். பிறகு மகளிடம் வந்து, "அப்பா எங்கடி?" என்பாள். மகள் பொத்தானை அழுத்திவிட்டுச் சொல்வாள். முதல்முறை கேட்பவள்போல் அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுவாள். ஒரு மனுஷனை எத்தனை தடவைதான் சாகடிப்பது?

ஒருநாள் ஆத்திரத்தில் வயரைப் பிடுங்கிப் போட்டாள். அரை மணியில் ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேர் வாசலில் நின்றார்கள். "ஐயா எங்க விழுந்து கிடக்கார்?" அன்று பொழுது சாயும்வரை அம்மா கட்டிலுக்கடியில் தேடிக்கொண்டிருந்தாள்.

ரத்து செய்யச் சொல்லி ஏற்கெனவே ஒரு தடவை கூப்பிட்டிருந்தாள். "நிறுத்தி வச்சுடறேன் மேடம், இனிமே அழைப்பு வராது" என்றான் தேனொழுகப் பேசிய ஒருவன். சரி என்றாள். முப்பது நாள் பெட்டி பேசவில்லை; துக்கத்துக்கு வந்து தங்கிய உறவுக்கூட்டத்தில் அம்மாவும் அதைத் தேடவில்லை. முப்பத்தோராம் நாள் ஒன்பது மணிக்குப் பெட்டி மறுபடி கூப்பிட்டது. விசாரித்தால், 'தற்காலிக நிறுத்தம், வாடிக்கையாளர் சம்மதத்துடன்' என்று பதிவாகியிருந்ததாம்.

அதனால் இன்று சாப்பாட்டு வேளையில், போர்வை அடுக்குகளுக்கு நடுவே, ஒரு வெற்றுச் சீட்டும் பேனாவுமாக உட்கார்ந்து கூப்பிட்டாள். பெயர், பிறந்த தேதி, இணைப்பு எண் எல்லாம் கேட்டு, இரண்டு பேர் கைமாற்றி, ரத்துப் பிரிவுப் பெண்ணிடம் விட்டார்கள். அவள் முதலில் வருத்தம் தெரிவித்தாள். பிறகு பாதிக் கட்டணம் என்றாள். பிறகு அம்மா பெயருக்கு மாற்றித் தருவதாகச் சொன்னாள்.

"வேண்டாம்மா. ரத்து பண்ணுங்க."

"ஒண்ணு சொல்லட்டுமா மேடம்? அம்மாவுக்கு அந்தக் குரல் பழகியிருக்கும். திடீர்னு நின்னா தேடுவாங்க."

 சீட்டக்கா பேனாவை அழுத்திப் பிடித்தாள்.

"அது என் பாடு. ரத்து. இன்னையிலேர்ந்து."

"சரி மேடம், உங்க கோரிக்கையைப் பதிவு பண்ணிட்டேன். ரெண்டு நாள்ல மெசேஜ் வரும்."

"கோரிக்கையா, ரத்தா?"

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

"ரத்துன்னே எழுதுங்க. எந்தத் தேதியிலேர்ந்துன்னு போடுங்க. பதிவெண்ணோட இப்பவே அனுப்புங்க. அது வர்ற வரைக்கும் நான் போனை வைக்கிறதா இல்ல."

பாட்டுப் போட்டுக் காக்கவைத்தார்கள். பதினோரு நிமிஷம். சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமலே கிடந்தது. கடைசியில் செய்தி வந்தது: சேவை ரத்து, இன்று மாலை ஆறு மணி முதல், பதிவெண் இன்னது. ஒவ்வொரு எண்ணாக வாசித்துக்காட்டி, அந்தப் பெண்ணை ஆமாம் சொல்லவைத்து, அவள் பணியாளர் எண்ணையும் கேட்டு வாங்கிச் சீட்டில் எழுதிய பிறகுதான் வைத்தாள். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தாள்.

மறுநாள் லீவு போட்டாள். ஒன்பது மணி. பெட்டி வாய் திறக்கவில்லை. ஒன்பது ஐந்து. இவளுக்கு மூச்சு வந்தது. தலை வாரி, பொட்டு வைத்துக்கொண்டு, அம்மா பெட்டிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

ஒன்பதே காலுக்குத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏன்டி, அப்பாவை இன்னைக்கு யாருமே கூப்பிடலையே? அவருக்கு ஏதாவது ஆயிடுச்சா?"

அந்தப் பெண் சொன்னது பலித்துவிட்டது. சீட்டக்கா கையிலிருந்த சீட்டைப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் எழுதியிருந்தது. அதை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, அம்மா காலடியில் உட்கார்ந்து, மறுபடி முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.