திருப்பி அனுப்பிய ஒப்பந்தம்

என் முதல் நாவலுக்குச் சென்னைப் பதிப்பாளர் அனுப்பிய ஒப்பந்தத்தில், ஒரே தொகைக்கு எல்லா உரிமையும் நிரந்தரமாக அவருக்கே என்றிருந்தது. வந்ததே எனக்குக் கோபம்! அதே உறையில் நான் பிழை திருத்தித் தரவேண்டிய ப்ரூஃபும் இருந்தது. கையெழுத்து வாங்குமுன்பே மனிதர் அச்சுக் கோத்துவிட்டார்.

‘சம்மதமில்லை. பத்து சதவீத ராயல்டி, ஒரு பதிப்புக்கு மட்டும் உரிமை, சினிமாவும் மொழிபெயர்ப்பும் எனக்கு. பேசலாமென்றால் வாருங்கள்’ என்று எழுதி ஒப்பந்தத்தைத் திருப்பி அனுப்பினேன். ப்ரூஃபை அனுப்பவில்லை.

ஒரே வாரத்தில் செங்கல்பட்டில் ரயிலிறங்கி, நான் வேலை பார்த்த பள்ளிக்கே வந்துவிட்டார்.

“டீச்சரம்மா, ப்ரூஃப் வராம அச்சடிக்க முடியல, ஈய எழுத்தெல்லாம் உங்க புக்குலயே மாட்டிகினு கீது. வேற வேலை ஓடல. எட்டு பர்சென்ட்...”

“பத்து. எனக்கு அடுத்த கிளாஸ் இருக்கு.”

மணியடிப்பதற்குள் பழைய ஷரத்துகளை அவரே அடித்து, என்னுடையவற்றை எழுதிக் கையெழுத்திட்டார். நானும் போட்டேன். என்றோ திருத்தி முடித்திருந்த ப்ரூஃபை மேஜை டிராயரிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.