வெட்டாதீங்க என்று சொல்லத்தான் வந்தேன்

எனக்குக் கோபம் வந்தால் தையல் மெஷினை மிதிப்பது வழக்கம். அந்த வாரம் மெஷின் பக்கமே போகப் பிடிக்கவில்லை.

இரும்புலியூரில் எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து ப்ளவுஸ் தைக்கக் கற்றுக்கொடுக்கும் சின்ன சேனல் என்னுடையது. நான் பேசுவேன், தைப்பேன். வண்டலூரில் இருக்கும் என் தம்பி எடிட் செய்து ஏற்றுவான். ஆரம்பத்தில் வாரம் ஒன்று போட்டோம். பிறகு அவன் மூன்று கேட்டான். இடையிடையே குட்டி வீடியோக்களும் வேண்டும் என்றான். விட்டால் மக்கள் மறந்துவிடுவார்களாம். நானும் தலையாட்டிக்கொண்டே தைத்தேன், அது என் புத்தி.

அப்படித் தூக்கக் கலக்கத்தில் எடுத்ததுதான் பட்டு ப்ளவுஸ் வெட்டும் பாடம். முப்பத்தாறு மார்பளவுக்குக் கால் பங்கு ஒன்பது, தளர்வுக்கு அரை, ஆக ஒன்பதரை இன்ச்சில் கோடு போடுங்கள் என்று சொல்லிவிட்டேன். பக்கத் தையலுக்கு உள்ளே விட வேண்டிய ஒன்றரை இன்ச் துணியைச் சொல்லவே இல்லை. ப்ளவுஸ் தைக்கிற யாரும் மறக்காத விஷயம் அது. உடம்பு போட்டால் பிரித்து விட்டுக்கொள்வதற்காக எல்லோரும் உள்ளே துணி விடுவார்கள். நான் அந்த இடத்தில் கையால் விட்டுக் காட்டியிருக்கிறேன், வாயால் சொல்லவில்லை. பாதிப் பெண்கள் சமையல் வேலையோடு கேட்டு எழுதிக்கொள்கிறவர்கள். கையை யார் பார்த்தார்கள்?

"அக்கா, அளவெல்லாம் கரெக்டா எடுத்தேன், கையே உள்ள போகல" என்று ஒருத்தி எழுதியபோதுதான் வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். புடவையோடு வரும் ப்ளவுஸ் துணி அது. வெட்டிவிட்டால் அதே நிறத்தில் அதே கரையில் இன்னொன்று எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

வீடியோவை உடனே மறைத்தேன். ஆனால் ஏற்கெனவே எழுதி வைத்துக்கொண்டவர்களுக்கு யார் சொல்வது? ஒரு மன்னிப்பு வீடியோ எடுப்பது, கொஞ்ச நாள் எதுவும் ஏற்றுவதில்லை என்று அதிலேயே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். ஓர் அளவையே ஒழுங்காகச் சொல்லத் தெரியாதவள் கொஞ்ச நாள் வாயை மூடிக்கொள்வதுதான் மரியாதை.

ஜன்னல் வெளிச்சத்தில் போனை ஸ்டாண்டில் வைத்தேன். முதல் தடவை பேச ஆரம்பித்ததும் அழுதுவிட்டேன். இரண்டாவது தடவை வீட்டு வேலை, தூக்கம், முதுகுவலி என்று புலம்பினேன், கேட்கவே சகிக்கவில்லை. ஜிஎஸ்டி ரோட்டு ஹாரன் வேறு நடுவில் புகுந்தது. முகம் கழுவி வந்து மூன்றாவதாக எடுத்தேன். "முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். பட்டு ப்ளவுஸ் துணிய இன்னும் வெட்டலன்னா வெட்டாதீங்க. நான் சொன்ன அளவு தப்பு. ஒன்பதரை இல்ல, பதினொண்ணு. வெட்டிட்டவங்க மிச்சத் துணியில ஒட்டு குடுக்கறது எப்படின்னு கீழ எழுதியிருக்கேன். தப்பு என்னோடது, மன்னிச்சுக்கங்க. கொஞ்ச நாள் வீடியோ வராது." அவ்வளவுதான். ஒன்றரை நிமிடம்கூட இல்லை.

அதைத் தம்பிக்கு அனுப்பினேன். அங்கேதான் என் முட்டாள்தனம். மூன்று பதிவையும் சேர்த்து அனுப்பிவிட்டேன். கடைசியை மட்டும் போடு, விளம்பரம் எதுவும் வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னேன். சரி என்றான்.

மறுநாள் தாம்பரம் மார்க்கெட்டில் லைனிங் துணி வாங்கிவிட்டு ஷேர் ஆட்டோவுக்கு நின்றேன். போன் ஓயாமல் ஒலித்தது. திறந்தால் முகப்புப் படத்தில் மூக்குச் சிவந்து அழுகிற என் மூஞ்சி. மேலே மஞ்சள் எழுத்தில் 'சேனலை மூடுகிறேனா?'. எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடியது. முதலில் அழுகை, பின்னணியில் சோக இசை, அப்புறம் புலம்பல், நடுவில் நைட்டி விளம்பரம். 'வெட்டாதீங்க' ஏழாவது நிமிடத்தில் வந்தது.

ரோட்டிலேயே அவனைக் கூப்பிட்டேன்.

"அக்கா, ஒன்றரை நிமிஷ வீடியோவ எவன் பாப்பான்? எட்டு நிமிஷம் தாண்டுனாதான் நடுவுல விளம்பரம் விழும். மேட்டர கடைசியில வெச்சாதான் ஜனங்க உக்காந்து பாப்பாங்க."

"டேய், அவங்க கையில கத்திரிக்கோல் கீதுடா!"

எனக்குக் கோபம் தலைக்கேறினால் இந்தப் பேச்சுதான் வரும். பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.

"ஏன் பேஜார் பண்றக்கா? போய் கமெண்ட்டப் பாரு, எல்லாம் உனக்காக உருகுறாங்க."

பார்த்தேன். உருகித்தான் இருந்தார்கள். அதில் ஒருத்தி எழுதியிருந்தாள்: "அழாதீங்க அக்கா, முழுசா பாக்க முடியல, மனசு கஷ்டமா இருக்கு. உங்க பாடத்தப் பாத்துத்தான் என் தங்கச்சி கல்யாணத்துக்கு பட்டு ப்ளவுஸ் தைக்கறேன். நீங்க திரும்பி வர்றதுக்குள்ள தைச்சுப் போட்டுக்கறேன் பாருங்க."

முழுசாகப் பார்க்கவில்லை. என் அழுகையே அவளை விரட்டியிருக்கிறது. உடனே பதில் தட்டினேன்: "வெட்டாதீங்கம்மா. அளவு தப்பு. பதினொண்ணு."

ஆட்டோக்கள் வந்தன, போயின. நான் ஏறவில்லை. பதில் வந்தது.

"இப்பதான் வெட்டினேன் அக்கா. பரவால்ல. நீங்க ரெஸ்ட் எடுங்க."

யாராவது திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தப் 'பரவால்ல'வைப் படித்ததும் தம்பியைக் கொன்று போடலாம் போல் ஆத்திரம் வந்தது. அங்கேயே நின்று ஒட்டு கொடுக்கும் விதத்தை அவளுக்கு எழுதினேன். அக்குளுக்குக் கீழே நீளவாக்கில் துண்டு வைக்க வேண்டும், கரைப் பக்கம் கை வைக்கக்கூடாது, ஒட்டு தெரியாது, கை தூக்கினால்தான் தெரியும். அதற்குப் பதில் இல்லை. சமையலில் இருப்பாள், அல்லது தங்கை கல்யாணத்துக்கு எதைப் போட்டுக்கொள்வது என்று யோசித்துக்கொண்டிருப்பாள்.

வீட்டுக்கு வந்து பாஸ்வேர்டை மாற்றினேன். மூன்றாவது பதிவை நானே ஏற்றினேன். விளம்பரத்தை அணைத்தேன். முகப்பில் படம் எதுவும் இல்லாமல் 'வெட்டாதீங்க' என்று மட்டும் பெரிதாக எழுதினேன். தம்பி போன் செய்தான்.

"புதுசா ஒண்ணு போட்டுட்டியா? சரி, இருக்கட்டும். ஆனா அதத் தூக்கிடாத. நம்ம சேனல்லயே அதுதான் ஜாஸ்தி பேர் பாத்தது. இப்பதான் ஓட ஆரம்பிச்சிருக்கு."

நான் போனை வைத்துவிட்டேன். அதைத் தூக்கத்தான் வேண்டும். தலைப்பை மாற்றினாலும் எச்சரிக்கை ஏழாம் நிமிடத்திலேயேதான் இருக்கும். அது ஓடுகிற ஒவ்வொரு மணிக்கும் எங்கேயோ ஒருத்தி பாதியில் நிறுத்திவிட்டு வெட்டுவதற்குத் துணியை மடித்துப் போடுவாள். ஆனால் வீடியோவை மறைத்தால் அதன் கீழே இருக்கும் கமெண்ட்டுகளும் சேர்ந்து யார் கண்ணிலும் படாமல் போய்விடும். அந்தப் பெண்ணுக்கு நான் எழுதிய ஒட்டு முறை அங்கேதான் இருந்தது. அவள் அதைப் படித்தாளா என்று தெரியவில்லை. போன் நம்பர் கிடையாது, ஊர் தெரியாது. பெயருக்குப் பதில் ஒரு ரோஜாப்பூப் படம்.

இன்னொரு தடவை திறந்து பார்த்தேன். பதில் இல்லை. மறைத்துவிட்டேன்.