பச்சை அட்டைக்கு மஞ்சள் பூசிய கதை

எங்கள் கந்தோரில் என்னைவிட மரியாதை கூடிய பொருள் ஒன்று உண்டு: சுவரில் மாட்டியிருக்கும் கான்பான் பலகை. ஹம்பேர்க் துறைமுகத்தில் வந்திறங்கும் கொள்கலன்களின் பத்திர வேலைகளைக் கணினியில் ஓடவைக்கும் சிறிய குழு நாங்கள். காத்திருப்பவை, நடப்பவை, முடிந்தவை என்று பலகையில் மூன்று நிரல்கள்; ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அட்டை. நடு நிரலில் ஒரே நேரத்தில் ஐந்து அட்டைகளுக்கு மேல் இருக்கக்கூடாது. ஒன்று முடிந்து நகர்ந்தால்தான் அடுத்ததை இழுக்கலாம். இதைக் கேள்விப்பட்ட என் மனைவி, "அஞ்சு வேலையை ஒண்டாத் தொடங்கலாமெண்டு கந்தோரே எழுத்தில தந்திட்டுதோ? அதுதான் வீட்டிலயும் ஒண்டும் முடியிறேல்லை" என்றாள்.

அட்டைகளுக்கு நான்கு நிறம். சிவப்பு என்றால் அவசரம். எல்லாம் நின்று போயிருக்கிறது, கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடு. ஒரு நேரத்தில் ஒரு சிவப்புத்தான் இருக்கலாம். அதற்கு மட்டும் ஐந்து என்ற எல்லை பொருந்தாது. மஞ்சள் என்றால் நாள் குறித்த வேலை. அந்த நாள் தப்பினால் அபராதம். வெள்ளை, வழமையான வேலை. முதலில் வந்தது முதலில் போகும். கடைசியாகப் பச்சை. இன்றைக்குச் செய்யாவிட்டால் ஒன்றும் ஆகாது, நாளைக்குச் செய்யாவிட்டாலும் ஒன்றும் ஆகாது, ஒருநாள் எல்லாம் சேர்த்து ஆகும். பல் வைத்தியரிடம் போவதைப்போல. நான் பல் வைத்தியரிடம் போவதில்லை என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

பலகையின் இடது மூலையில் ஒரு பச்சை அட்டை வெகுகாலமாகக் கிடந்தது. எழுதியவர் எங்கள் குழுவின் கோயம்புத்தூர்த் தம்பி. கொள்கலன் விபரங்களைச் சுங்கத்துக்கு அனுப்பும் பழைய கணினி நிரல் ஒன்று எங்களிடம் இருக்கிறது. அதற்கு அவர் வைத்த பெயர் 'பெரியப்பா'. நன்றாக நடந்துகொண்டிருக்கும், திடீரென்று ஏதோ கோபத்தில் படுத்துவிடும். அதை எழுப்பத் தெரிந்த ஒரே மனிதர் அவர். "பெரியப்பாவை இன்னொருவரும் பழகவேண்டும்." அட்டையில் இருந்தது அவ்வளவுதான். யாரும் அதை இழுக்கவில்லை. இழுக்கச் சொல்லி யாரும் கத்தவுமில்லை. கத்தாத வேலைக்கு எங்களிடம் மரியாதை குறைவு.

ஒருநாள் கோப்பி இயந்திரத்தடியில் அவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணா, வீட்ல ரெண்டாவது கொழந்தைங்க. ஃபர்ஸ்ட் டெலிவரியப்ப என்ன நடந்துச்சு தெரியுங்களா? அவ உள்ள கத்திட்டு இருக்கா, நான் காரிடார்ல நின்னு போன்ல பெரியப்பாவ ரீஸ்டார்ட் பண்ணிட்டு இருக்கேன். உள்ள போறதுக்குள்ள பையன் பொறந்துட்டான். இன்னும் சொல்லிக் காட்றாங்கண்ணா. இந்தத் தடவை போன் ஆஃப்னு ப்ராமிஸ் பண்ணியிருக்கேன். ஆனா அந்த கார்டு அங்கயே கெடக்குதுங்களே."

"இதுக்கே கவலைப்படுறீர்? நிறத்தை மாத்தும் தம்பி," என்றேன். "பிள்ளை பிறக்க நாள் குறிச்சிருக்குத்தானே? மஞ்சள் அட்டையில எழுதி ஒட்டும். மஞ்சளெண்டா இந்தச் சனம் எழும்பி நிண்டு கும்பிடும்."

இலவசமாகப் புத்தி சொல்வதில் என்னைவிட வேகமானவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. அவர் அன்றே மஞ்சளில் எழுதி ஒட்டினார். திங்கட்கிழமைக் கூட்டத்தில் குழுத் தலைவி மகிழ்ச்சியோடு வாழ்த்துச் சொன்னார். பழக எவ்வளவு காலம் தேவை என்று கேட்டார். மருத்துவர் சொன்ன நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, தொடங்கவேண்டிய நாளை அட்டையின் மூலையில் எழுதினார். பிறகு அட்டையைப் பத்திரமாகக் காத்திருக்கும் நிரலிலேயே ஒட்டினார். கோயம்புத்தூர்த் தம்பி என்னை நன்றியோடு பார்த்தார். நான் தாராளமாகத் தலையசைத்தேன்.

கிழமைகள் போயின. மஞ்சள் அட்டை அசையவில்லை. எங்களோடு வேலை செய்யும் அக்கா ஒருவர் இருக்கிறார். யாழ்ப்பாணத்தில் பிறந்து, இங்கேயே படித்து வளர்ந்தவர். நாங்கள் செய்யும் கணினி நிரல்களில் பிழை பிடிப்பது அவருடைய உத்தியோகம்; அதை அவர் வேலை நேரத்துக்குப் பிறகும் செய்வார். ஒருநாள் பலகைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இந்தப் புத்தி உம்மடையோ?"

"ஓம் அக்கா. எப்பிடி?"

"அதுதான் பாத்தன். மஞ்சள் அட்டையை நாங்கள் எப்ப எடுக்கிறனாங்கள்?"

"நாள் கிட்ட வரேக்கை," என்றேன்.

"அதுதானே! முந்தி எடுக்கிறதும் பிழை, பிந்தி எடுக்கிறதும் பிழையெண்டு கடைசியா எடுக்கக்கூடிய நாள் வரைக்கும் வைச்சிருப்பம். வரி விதி மாறுற வேலைக்கு அது சரி. அரசாங்கம் சொன்ன நாளிலதான் மாறும். பிள்ளை என்ன, டெர்மின் எடுத்து, நாள் நேரம் குறிச்சுப்போட்டோ வரும்? பத்து நாள் முந்தி வந்து நிண்டால்? பச்சையில இருந்திருந்தாலும் ஆரும் இரக்கப்பட்டு எடுத்திருப்பினம். இப்ப எடுக்கவேண்டாமெண்டு நீரே எழுதி ஒட்டிவிட்டிருக்கிறீர்."

மஞ்சள் என்றால் வேகம் என்று நான் நினைத்திருந்தேன். மஞ்சள் என்றால் நேரம். இத்தனை காலம் அந்தப் பலகைக்கு முன்னால் நின்று கோப்பி குடித்தவனுக்கு அது அக்கா சொல்லித்தான் விளங்கியது.

அடுத்த திங்கட்கிழமை கூட்டத்தில் நானே எழுந்து, அட்டையைத் திரும்பப் பச்சையாக்கவேண்டும் என்றேன். குழுத் தலைவி குழம்பிப்போனார். "பச்சையாக்கினால் திரும்ப மூலைக்குத்தானே போகும்?" நியாயமான கேள்வி. நான் சாளரத்தினூடாக ஒரு கப்பலைக் கவனமாகப் பார்த்தேன்.

பதில் சொன்னது அக்கா. நடு நிரலின் ஐந்து இடங்களில் ஒன்றை எப்போதும் பச்சைக்கென்று ஒதுக்கிவைப்போம் என்றார். "ஒதுக்கினால் வெள்ளை அட்டைகளுக்குக் காத்திருக்கும் வாடிக்கையாளர்கள் இன்னும் காத்திருப்பார்களே," என்றார் தலைவி.

"கொஞ்சம் காத்திருப்பார்கள்தான். ஆனால் சிவப்பு வந்தால் இப்போது எதைக் கீழே வைக்கிறோம்? வெள்ளையை வைத்தால் வாடிக்கையாளர் கத்துகிறார். மஞ்சளை வைத்தால் நாள் தப்புகிறது. கையில் ஒரு பச்சை இருந்தால் அதைக் கீழே வைக்கலாம்; ஒருவரும் கத்தமாட்டார்கள். சிவப்பு போனதும் திரும்ப எடுக்கலாம். பச்சை இல்லாத பலகையில் மூச்சுவிட இடமில்லை."

 தலைவி பச்சை நாடாவால் நடு நிரலில் ஒரு கட்டம் போட்டார். "சரி. யார் பழகப்போவது?"

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் குனிந்து தங்கள் சப்பாத்துக் கயிற்றைக் கட்டும் ஞாபகம் வந்தது.

"மஞ்சள் பூசினவரே கழுவட்டும்," என்றார் அக்கா, எல்லோருக்கும் விளங்க ஜேர்மன் மொழியில்.

இப்படித்தான் நான் பெரியப்பாவின் மாணவன் ஆனேன். கோயம்புத்தூர்த் தம்பி என்னைவிட வெகு இளையவர்; பொறுமையில் எனக்குத் தகப்பன். பெரியப்பா செய்திகளை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் அனுப்புகிறவர். ஒரு செய்தியில் அவருக்குப் பிடிக்காத எழுத்து ஒன்று இருந்தால் அதிலேயே நின்றுவிடுவார். பின்னால் வரிசை வீதிவரைக்கும் நீளும். அந்தச் செய்தியை வெளியே எடுத்துவைத்துவிட்டு, சுங்கத்துக்குக் கடைசியாகப் போய்ச் சேர்ந்தது எது என்று பார்த்து, அதற்கு அடுத்ததிலிருந்து ஓடவிடவேண்டும்.

"அடுத்ததுல இருந்துங்கண்ணா. ஆரம்பத்துல இருந்து இல்லீங்க," என்றார் தம்பி.

நான் ஆரம்பத்திலிருந்து ஓடவிட்டேன். ஏற்கனவே போன செய்திகள் எல்லாம் இரண்டாம் முறையும் போயின. நல்லகாலம், அது சோதனைக் கணினி. தம்பி கண்ணை மூடிக்கொண்டு, "பரவால்லீங்க, மறுபடியும்," என்றார். நடுவில் ஒரு சிவப்பு வந்தது. சொன்னபடியே பச்சையைக் கீழே வைத்தோம், ஒருவரும் கத்தவில்லை. சிவப்பு போன பிறகு நான் பழகியதில் பாதி மறந்திருந்தது. மறுபடியும். கடைசியில் ஒரு நாள், எனக்குப் பின்னால் அவர் கையைக் கட்டிக்கொண்டு வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்க, படுத்த பெரியப்பாவை நானே எழுப்பினேன். அட்டை முடிந்த நிரலுக்குப் போனது. அக்கா அதைக் கைப்பேசியில் படம் எடுத்தார், சாட்சிக்காம்.

மருத்துவர் சொன்ன நாளுக்காகக் குழந்தை காத்திருக்கவில்லை. பழைய மஞ்சள் அட்டையில் தலைவி எழுதியிருந்த தொடங்கும் நாள்கூட வரவில்லை, அதற்குள் ஒரு காலை குழுவுக்குச் செய்தி வந்தது: "ஹாஸ்பிடல் போறோம். போன் ஆஃப்."

நான் கோப்பிக் கோப்பையை வாயில் வைப்பதற்குள் துறைமுகக் கிடங்கிலிருந்து அழைப்பு. சுங்கத்திலிருந்து பதில் வரவில்லையாம், வாசலில் பாரவூர்திகள் நிற்கின்றனவாம். பெரியப்பா படுத்துவிட்டார். தலைவி சிவப்பு அட்டையை ஒட்டினார். ஒட்டிய கை அப்படியே தொலைபேசிப் பக்கம் போனது. "அவருடைய மனைவியின் எண்ணும் என்னிடம் இருக்கிறது. ஒரேயொரு கேள்விதான் கேட்கலாமா?"

"வேண்டாம்," என்றேன். குரல் என்னுடையதுதான், துணிச்சல் எங்கிருந்து வந்ததோ தெரியாது.

அக்கா கதிரையை இழுத்து எனக்குப் பக்கத்தில் போட்டார். "கடவுச்சொல்லை ரெண்டாந்தரமும் பிழையா அடிக்கிறீர் தம்பி."

"கோப்பி குடிக்கேல்லை அக்கா, அதுதான்."

"ஓமோம். ஆகக்கடைசியாப் போன செய்தியின்ரை இலக்கத்தைச் சத்தமா வாசியும், நான் எழுதிறன்."

வாசித்தேன். ஒரு கம்பனியின் பெயருக்குள் எங்கிருந்தோ வந்து குந்தியிருந்த விசித்திர எழுத்தைக் கண்டுபிடித்தோம். அந்தச் செய்தியை வெளியே எடுத்தேன். அடுத்த இலக்கத்தை அடித்தேன். அக்கா தன் தாளைப் பார்த்து, திரையைப் பார்த்து, மறுபடி தாளைப் பார்த்துத் தலையசைத்தார். விசையை அழுத்தினேன். முதல் பதில் வந்தது, பிறகு அடுத்தது, பிறகு மழைபோல. கிடங்கிலிருந்து அழைத்து, பாரவூர்திகள் நகர்கின்றன என்றார்கள். ஆறிப்போன கோப்பி அன்றைக்கு ருசியாகவே இருந்தது.

மாலையில் தம்பி அழைத்தார்.

"பொண்ணுங்கண்ணா! நான் உள்ளயே இருந்தேன். ஃபர்ஸ்ட் நாந்தாங்க தூக்குனேன்." மூக்கை உறிஞ்சினார். பிறகு, "அண்ணா, போனை ஆன் பண்ணா ஒரு மிஸ்டு கால்கூட இல்லீங்க. சிம் போயிருச்சோன்னு நர்ஸ்கிட்ட போன் வாங்கி என் நம்பருக்கு நானே அடிச்சுப் பாத்தனுங்க. பெரியப்பா நல்லா இருக்காருங்களா?"

"காலமை கொஞ்சம் படுத்தவர். எழுப்பிவிட்டம்."

"யாருங்க எழுப்புனது?"

"நான்தான்."

 பின்னணியில் பிள்ளை அழும் சத்தம்.

"அடுத்ததுல இருந்துதானுங்களே ஓட விட்டீங்க?"

"அக்காவைக் கேளும்," என்றேன். கேட்டார். எனக்கு அது வலித்ததென்று சொல்லமாட்டேன்; நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன்.

பச்சைக் கட்டம் வெறுமையாக இருப்பது அழகில்லை என்பதால், அடுத்த திங்கட்கிழமை நானே ஒரு பச்சை அட்டை எழுதினேன். எனக்கு மட்டுமே தெரிந்த கணினி நிரல் ஒன்றும் இருக்கிறது. இவ்வளவு காலமும் அதை யாருக்கும் காட்டாமல், நான் இல்லாவிட்டால் இந்தக் கந்தோர் என்னவாகும் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அக்கா அதை வாசித்துவிட்டுத் தானே இழுத்தார்.

"என்ன தம்பி, திடீரெண்டு? நீர் எங்கை போகப்போறீர்?"

"மனிசியோட இத்தாலிக்கு. நானும் போனை நிப்பாட்டிப்போட்டு."

"மனிசிக்குச் சொல்லியாச்சோ?"

"அது மஞ்சள் அட்டை அக்கா. முந்தி எடுக்கிறதும் பிழை."