பகலை விற்ற அர்ச்சுனன்

அர்ச்சுனன் செத்ததற்கு நான்தான் காரணம் என்று தோட்டத்தில் ஒருவரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். சொல்லாததால்தான் இன்னும் மனசு ஆறவில்லை.

மலாயாவில் யோங் பெங் டவுனிலிருந்து ஐந்து மைல் உள்ளே இருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். நான் அங்கே டிரஸர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன், காய்ச்சலுக்குக் கொய்னா மருந்தும் புண்ணுக்குக் கட்டும் என் பொறுப்பு. அர்ச்சுனனுக்குப் புகைவீட்டில் வேலை. மாலை ஆறு மணிக்கு உள்ளே போவான். மேலே மூங்கில் கம்புகளில் ரப்பர் ஷீட்டுகள் தொங்கும், கீழே குழியில் விறகு புகைந்துகொண்டிருக்கும். சூடு ஏறினால் ஷீட்டில் கொப்புளம் விழும், இறங்கினால் பூசணம் பிடிக்கும். அதனால் விடிய விடிய விறகு தள்ள வேண்டும், வெப்பமானியைப் பார்க்க வேண்டும். காலை ஆறு மணிக்கு இருமிக்கொண்டே வெளியே வருவான். அவன் பெண்டாட்டி அங்கம்மா அதற்கு முன்பே ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், ரப்பர் பால் வெட்டக் காட்டுக்குள் நுழைந்திருப்பாள்.

நியாயமாகப் பார்த்தால் அவன் தூங்க வேண்டும். ஆனால் அவனுக்கு ஓர் ஆசை இருந்தது. யோங் பெங் முச்சந்தியில் சின்னதாக ஒரு கடை போட்டுவிட்டு, அந்தப் புகையை விட்டு ஒழிய வேண்டும். அதற்குப் பகலில் ஏதாவது தொழில் செய்தாக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான்.

முதலில் சவரக் கத்தி வாங்கினான். காலை ஏழு மணிக்குக் கத்தியைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தால், தலையைக் கொடுக்க எங்கள் வீட்டு வரிசையான லயத்தில் ஓர் ஆள் கிடையாது. எல்லாரும் காட்டில். அவர்கள் திரும்பி வந்து சாப்பிட்டு உட்காரும் நேரத்தில் இவன் புகைவீட்டுக்குக் கிளம்ப வேண்டும். பிறகு பால் நிறுக்கும் கொட்டகைப் பக்கம் வடை சுட்டு விற்றான். தோட்டத்துக் கடைக்காரர் துரையிடம் போய் முறையிட, மூன்றாம் நாளே அடுப்பை அவித்தார்கள். ஆடு வளர்த்தான். ஆடு இளம் ரப்பர் கன்றுகளைக் கடித்தது. அதுவும் போயிற்று.

ஒரு நாள் மருந்துக் கொட்டகை வாசலில் வந்து குந்தினான்.

"டிரஸர் ஐயா, நீங்க படிச்சவங்க. எனக்கு என்னதான் தொழில் ஒத்து வரும்? நான் முழிச்சிருக்கிற நேரத்துல ஊரே வேலையில இருக்கு."

நான் பெரிய மேதாவி மாதிரி யோசித்தேன். "அடேய், அதுதானே உன்ர முதல்! ஊரே வேலையில நிக்கேக்க நீ ஒருத்தன்தான் சும்மா நிக்கிறாய். தபால் கந்தோர் பகலிலதான் திறக்குது. கடிதம் போட ஒருத்தன் டவுனுக்குப் போனால் அண்டைக்குச் சம்பளம் இல்லை. நீ எல்லாருக்கும் சேர்த்துப் போயிட்டு வா."

அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கும் பெருமையாக இருந்தது. என் வாயை அன்றைக்கே தைத்திருக்க வேண்டும்.

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியிடமிருந்து ஒரு பழைய சைக்கிள் கிடைத்தது. அர்ச்சுனனுக்கு எழுத்து தெரியாது. அதனால் எது வேண்டுமோ அதன் மாதிரியையே வாங்கிக்கொள்வான். இருமல் மருந்துக்குக் காலிப் புட்டி, வளையலுக்கு உடைந்த துண்டு, ரவிக்கைக்குக் கிழிசல் துணி. எல்லாவற்றையும் ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தில் போட்டுக்கொண்டு போவான். எந்த வீட்டுத் துண்டு எது என்று அந்த நாட்களில் மறந்ததே இல்லை. கூலியாக ஏதோ கொடுத்தார்கள். முதலில் வாரம் இரண்டு நாள் போனான். பிறகு நான்கு நாள். பிறகு தினமும்.

லயத்துக்காரர்களைச் சொல்ல வேண்டும். ஒருவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. "இன்னைக்கு இது மட்டும் அண்ணே" என்பார்கள். நாற்பது வீட்டிலும் அந்த 'இது மட்டும்' இருந்தது. அவன் கண்ணைக் கண்டால் எனக்குப் பயமாக இருக்கும். இமை சிவந்து, வெள்ளைவிழி மஞ்சளித்து, பேசிக்கொண்டே இருந்தவன் பாதியில் நின்றுவிடுவான். நின்றபடியே தூங்கியிருப்பான். ஒரு தடவை சைக்கிளோடு வாய்க்காலில் கிடந்தான். தூக்கிவிட்டால் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவே இல்லை.

கார்த்திகை மாதம் மழை பிடித்துக்கொண்டது. ஒரு பிற்பகல் லயத்து வெள்ளையம்மா தன் இரண்டு வயதுப் பிள்ளைக்கு வாங்கிய இருமல் மருந்தை எந்த அளவு கொடுப்பது என்று என்னிடம் கேட்க வந்தாள். புட்டியை முகர்ந்து பார்த்தேன். மூட்டுவலிக்குத் தேய்க்கிற தைலம். இரண்டு வீட்டுப் புட்டியையும் மாற்றிக் கொடுத்திருக்கிறான். புட்டியை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

அன்று மாலையே அங்கம்மா வந்தாள். அழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"ஐயா, அவரு படுக்கிறதே இல்லீங்க. நேத்து சோறு போட்டேன், தட்டுல கைய வச்சபடியே தூங்கிட்டாரு. எழுப்பினா என்னை யாருன்னு கேக்குறாரு. நீங்க சொன்னா கேப்பாரு. பத்து நாளைக்குப் போக வேணாம்னு சொல்லுங்க."

"சொல்லுறன். நாளைக்கு விடியவே சொல்லுறன்" என்றேன்.

சொல்லத்தான் இருந்தேன். விடிந்ததும் அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கொட்டகைப் பக்கம் வந்தான். அந்த நேரம் பார்த்துக் கொய்னா தீர்ந்திருந்தது. உள்ளே ஐந்து பேர் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். டவுன் ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்ப வேண்டும். என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"அர்ச்சுனா, இண்டைக்கு இதை மட்டும் கொண்டு வா. நாளையிலிருந்து நீ நித்திரை கொள்ள வேணும், சொல்லிப் போட்டன்."

"சரிங்க ஐயா" என்றான். கொட்டும் மழையில் போய், மூன்று மணிக்குக் கொய்னாவோடு வந்தான். ஈரத் துணியோடு நின்றவனை நான் வீட்டுக்குப் போகச் சொன்னேன். ஆறு மணிக்கு வேலைக்குப் போய்விட்டான்.

மறுநாள் காலை கிராணி வீரமுத்து போய்ப் பார்த்தபோது புகைவீட்டுக் கதவு உட்புறமாகச் சாத்தியிருந்தது. விறகு தள்ளும்வரை கதவைத் திறந்து வைக்க வேண்டும், தள்ளியதும் வெளியே வந்துவிட வேண்டும் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். குளிர் காயக் குழியோரம் உட்கார்ந்திருக்கிறான், சாரல் அடிக்கிறது என்று கதவைச் சாத்தியிருக்கிறான். கண் அயர்ந்ததும் புகை மூச்சை அடைத்துவிட்டது. உடம்பில் ஒரு தீக்காயம் கூட இல்லை. நான் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன், வெகுநேரம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். துரை வந்து ஷீட்டுகள் கெட்டுப்போயினவா என்று விசாரித்தார். கெடவில்லை.

சாவை அன்றே போலீஸ் டேஷனில் எழுதி வைக்க வேண்டும். சீட்டை எழுதி முடித்துவிட்டு, வழக்கம்போல நிமிர்ந்து, "அர்ச்சுனனைக் கூப்பிடு" என்றேன்.

கொட்டகை வாசலில் குந்தியிருந்த அங்கம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை.

வேறு யாரையாவது அனுப்பலாமா என்று துரையைக் கேட்டேன். மழை விட்டிருக்கிறது, பால் வெட்டுகிற நாள், ஓர் ஆளைக்கூட விட முடியாது என்றார். அதுவும் உண்மைதான். அந்தத் தோட்டத்தில் பகலில் சும்மா இருந்த ஒரே ஆள் அவன். மருந்து அலமாரியைப் பூட்டிவிட்டு நானே நடந்தேன்.

டேஷனில் வயதான மலாய்க்காரக் காவலர் ஒருவர் இருந்தார். தோட்டத்துப் பிறப்புச் சீட்டும் இறப்புச் சீட்டும் மூன்று வருடமாக அர்ச்சுனன் கையால்தான் அவரிடம் போயிருக்கின்றன என்பது எனக்கு அங்கே நின்றபோதுதான் உறைத்தது. என்னை மேலும் கீழும் பார்த்தார். என் பின்னால் வாசலையும் பார்த்தார்.

"அர்ச்சுனன் மானா?" என்று கேட்டார். அர்ச்சுனன் எங்கே என்கிறார். பிறகு உடைந்த தமிழில், சிரித்துக்கொண்டே, "அந்த ஆள் இன்னிக்கு தூங்குதா?" என்றார்.

நான் சீட்டை மேசைமேல் வைத்தேன். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு பெயரைப் படித்தார்.