டீச்சர் வைத்த பேர்

ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டப் பள்ளியில் நிரஞ்சலா டீச்சருக்கு வாய் கொஞ்சம் நீளம். மூன்றாம் வகுப்பு தர்ஷிகா கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு ஜன்னலையே பார்ப்பாள். எரிச்சலில் ஒருநாள் அவளைப் ‘பராக்கு’ என்று கூப்பிட்டார். வகுப்பே சிரித்தது.

அதட்டல் பலிக்காமல் போன பிறகுதான் டீச்சர் வழியை மாற்றினார். ஜன்னலை விட்டுத் தள்ளி, முன்வரிசையில் உட்காரவைத்தார். ஒரு நேரத்தில் ஒரு கணக்கு மட்டும் கொடுத்தார். நடுவில் கரும்பலகையை அழிக்க எழுப்பினார். எல்லா நாளும் சரிவரவில்லை. ஆனாலும் பிள்ளை கணக்கை முடிக்கத் தொடங்கினாள்.

“இது வியாதிங்களா டீச்சர்?” என்று பள்ளிக்கு வந்த தர்ஷிகாவின் தாய் கேட்டாள்.

“அத டாக்டர்தான் பாத்துச் சொல்லணும். நம்ம பேரு வைக்க வேணாம்.” சொல்லும்போதே டீச்சருக்கு நாக்கு கூசியது.

மறுவாரம் புதிதாக வந்த ஆசிரியர் தர்ஷிகாவிடம் பேர் கேட்டார்.

“பராக்குங்க சேர்,” என்றாள், சர்வசாதாரணமாக.

பக்கத்து மேசையில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்த நிரஞ்சலா டீச்சர் நிமிரவே இல்லை.