லா ஹரமனா: அலவத்துகொடையில் விட்டுவந்த கடிதம்

காலை 6.40. அலவத்துகொடையிலிருந்து கண்டிக்குப் பதினேழு கிலோமீட்டர் அளவு. மன்னாரில் என் வீட்டுக்குப் போகிற நான் வடக்கே போகாமல் கண்டிக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. மன்னாருக்கு வவுனியா போய் மாறவேண்டும், அந்த வவுனியா பஸ் புறப்படும் இடமான கண்டியில் ஏறினால்தான் உட்கார இடம் கிடைக்கும். அதே பஸ் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டி, அக்குறணை வழியாகத் திரும்பவும் அலவத்துகொடையைக் கடந்துதான் போகும்.

பல்கலைக்கழகத்தில் அரபு படிக்க வந்து, இரண்டு வருடமும் மூன்று மாதமும் அலவத்துகொடையில் ஒரு வீட்டில் தங்கியிருந்தேன். மாமாவும் மாமியும் மட்டும்தான். எனக்கு உறவில்லை, என் வாப்பாவுக்குத் தெரிந்தவர்கள். போகுமுன் அரபில் ஏதாவது எழுதித் தரும்படி மாமி கேட்டிருந்தார். விடியற்காலையில் எழுதி, சீனி டின்னுக்கு அடியில் வைத்துவிட்டுப் புறப்பட்டேன்.

முறைப்படிதான் எழுதினேன். பிஸ்மில்லாஹ், ‘கண்ணியமிக்க குடும்பத்தாருக்கு’, ஸலாம், ‘அம்மா பஅத்’, அதாவது ‘இனி’ என்று விஷயத்துக்கு வருதல், நன்றி, துஆ என்னும் வேண்டுதல், கடைசியில் ‘உங்கள் மகள்’. வகுப்புப் பழக்கத்தில் அரபு எழுத்துக்கு மேலும் கீழும் இடும் உயிர்க்குறிகள் போடவில்லை.

8.15. கண்டியில் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது மாமியின் அழைப்பு வந்தது. சாப்பிட்டாயா என்று கேட்டார். பிறகு, போன வருடம் எனக்கு வயிற்றுவலி வந்த அன்று கோழி எந்தக் கடையில் வாங்கியது என்று ஞாபகம் இருக்கிறதா என்றார். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பின்னால் மாமா, போனை வை என்று சொல்வது கேட்டது. தொடர்பு அறுந்தது. நான் திரும்ப அழைத்தேன். மாமி எடுக்கவில்லை.

பஸ் நகர்ந்தது. பாலத்தில் மகாவலி ஆற்றைப் பார்த்தேன், எதுவும் மனதில் நிற்கவில்லை. வீட்டில் எதையாவது உடைத்துவிட்டு வந்தேனா? மாமாவுக்குச் சுகமில்லையா? கோழிக்கும் இதற்கும் என்ன? அக்குறணைக் கடைகள் வந்ததும் கண்டக்டரிடம் அலவத்துகொடையில் இறக்கிவிடச் சொன்னேன். டிக்கெட் வவுனியாவுக்கு அல்லவா என்று விசித்திரமாகப் பார்த்தார்.

9.20. சமையலறை மேசையில் என் கடிதம் விரிந்து கிடந்தது. என்னைக் கண்டதும் மாமா எழுந்து வெளியே போய்விட்டார். மாமியின் கண்கள் சிவந்திருந்தன. அரபு தெரிந்த பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் காட்ட மாமா கிளம்பினாராம். வீட்டுக் குறை ஊருக்குத் தெரியவேண்டாமென்று மாமி தடுத்துவிட்டாராம்.

ஒரு வரியில் விரலை வைத்தார். ஓதத் தெரிந்தவர், பொருள் தெரியாதவர். குறிகளில்லாத எழுத்தில் அவருக்குத் தெரிந்த, மார்க்கம் தடுத்ததைக் குறிக்கும் ஒரு சொல் மட்டும் கண்ணில் குத்தியிருந்தது.

“ஹராம் எண்டு எழுதி ஈக்கிறீங்க மகள். மொதல்ல ஹலால் இல்லாத கோழியா எண்டு நெனச்சேன். பொறகு வெளங்கிச்சு.”

“என்ன வெளங்கிச்சு மாமி?”

“நீங்க வந்த மொதல் மாசம் உங்கட டயரிய நான் தெறந்து வாசிச்சேன். அடுத்தவங்கட எழுத்த ஒளிச்சு வாசிக்கிறது ஹராம்தானே.”

எனக்கு அந்த மாதம் எழுதியது நன்றாக நினைவிருந்தது. இந்த வீட்டு மாமி சிரிக்கமாட்டார், சோற்றை அளந்து வைக்கிறார், வேறு அறை பார்க்கவேண்டும். கொஞ்ச நாளில் சோற்றுப் பானையே மேசைக்கு வந்தது. என்மேல் பிரியம் வந்துவிட்டதென்று அப்போது நினைத்திருந்தேன்.

பென்சில் எடுத்து அந்த வரிக்குக் குறிகள் போட்டேன். ‘லா ஹரமனல்லாஹு மின்கும்’. ‘ர’வுக்கு மேல் அதை இரட்டிக்கும் ஷத்து என்ற குறி வந்து ‘ஹர்ரம’ என்றால்தான் தடைசெய்தான் என்று பொருள். ஷத்து இல்லாவிட்டால் இழக்கச் செய்தான். அதன் முன்னே ‘லா’ வந்தால் இங்கே அது வேண்டுதல். உங்களை நாங்கள் இழக்கும்படி அல்லாஹ் செய்யாதிருப்பானாக. சொல்லிக்கொண்டு போகும்போது என் குரல் வகுப்பில் ஒப்பிப்பதுபோல் ஆகிவிட்டது.

மாமி கடிதத்தை என் பக்கம் தள்ளினார்.

“டயரி தமிழ்ல ஈந்திச்சி, வெளங்கிச்சு. இதையும் தமிழ்ல எழுதித் தாங்க.”

அரபில் தயாராக இருந்த வாக்கியங்கள் ஒரு பக்கத்தை நிரப்பியிருந்தன. தமிழில் எழுத உட்கார்ந்தால், மன்னிப்புக் கேட்பதா, மன்னிப்பதா, எதற்கு நன்றி சொல்வது என்று தெரியவில்லை. கடைசியில் கீழே எழுதினேன்: ‘மாமி, வேறு அறை பார்க்கவேண்டும் என்று எழுதினேன். நான் பார்க்கவேயில்லை.’

வாசித்து, மடித்து, அலுமாரிக்குள் வைத்தார். சிரித்தாரா என்று திரும்பிப் பார்க்கத் துணிவு வரவில்லை.

11.05. அடுத்த வவுனியா பஸ்ஸில் உட்கார இடமில்லை. மாத்தளை தாண்டியும் நின்றுகொண்டே வந்தேன். என் டயரியை வாசித்துவிட்டுத்தான் இரண்டு வருடமும் சோறு போட்டார் என்பதில் எனக்கு வந்தது கோபமா, வேறெதுவுமா என்று தம்புள்ளை வரும்வரை எனக்குப் பிரித்தறிய முடியவில்லை.