உரிமையாளர் என்று போட்டு அனுப்பிய ஈமெயில்

மாமல்லபுரத்தில் சின்னச் சின்னக் கற்சிலைகள் விற்கும் கடை வைத்திருந்தோம். மழை பிடித்தால் டூரிஸ்ட் வரமாட்டான். கல்லும் நானும் வித்தியாசமில்லாமல் உட்கார்ந்திருப்போம். அப்போதுதான் நாவலூர்க்காரர் ஒருவர், எங்கள் சிலைகளை எடுத்து வெளியூர்க் கடைகளுக்கு சப்ளை செய்வதாகச் சொன்னார். அது நடந்தால் மழைக்காலத்தைப் பயமில்லாமல் தள்ளிவிடலாம்.

முன்பின் தெரியாதவரை நம்பிச் சரக்கு கொடுக்க முடியுமா? பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து விறைப்பாக ஓர் ஈமெயில் அடித்தேன். உங்கள் நிறுவனம் பதிவு செய்யப்பட்டதா? விற்பனை வரிப் பதிவு எண் என்ன? உரிமையாளர் யார்? கையெழுத்துப் போடும் அதிகாரம் யாருக்கு? எல்லாவற்றுக்கும் நகல் தேவை. கீழே என் பெயர். அதற்கும் கீழே, உரிமையாளர்.

மறுநாளே பதில் வந்தது. நிறுவனம் அவர் அம்மா பெயரில். வரிப் பதிவுச் சான்றிதழ் நகல், அம்மா மகனுக்குக் கொடுத்த அதிகாரக் கடிதம், கூடவே நாங்கள் கையெழுத்துப் போட வேண்டிய ஒப்பந்தத்தின் நகல். கடைசியில் ஒரு வரி: இதே விவரங்களை நீங்களும் அனுப்பிவையுங்கள்.

ஜெராக்ஸ் எடுக்கச் சுவரில் பிரேம் போட்டு மாட்டியிருந்த சான்றிதழைக் கழற்றினேன். உரிமையாளர் என்ற இடத்தில் என் மனைவியின் பெயர் இருந்தது.

மறந்தே போயிருந்தேன். கடை தொடங்கியபோது நான் செங்கல்பட்டில் அரசு குமாஸ்தா. என் பெயரில் வியாபாரம் செய்யக்கூடாது என்பதால் அவள் பெயரில் பதிந்தோம். எட்டு வருடம் கடையில் உட்கார்ந்தவள் அவள்தான். நான் விருப்ப ஓய்வில் வந்த வாரமே என் பெயரில் விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டு, அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

எனக்கு அதிகாரம் கொடுக்கும் கடிதத்தை நானே எழுதிக்கொண்டு போய், அவள் கையெழுத்துக்காக நீட்டினேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, ஒப்பந்தத்தையும் கேட்டு வாங்கி, நிதானமாகப் படித்தாள்.

"வேற யாருக்கும் சரக்கு தரக்கூடாதுன்னு போட்டுகீதே. பாண்டிச்சேரி அம்மா மொத நாள்லேர்ந்து வாங்குது. அதுகிட்ட இன்னா சொல்லுவ?"

எனக்கு அந்த அம்மாவைத் தெரியாது என்றேன்.

"உனக்கு எப்டி தெரியும்? அந்த வரிய எடுக்கச் சொல்லு. அப்பறம் கையெழுத்து போடறேன்."

"எடுக்க மாட்டேன்னு சொல்லிட்டா?"

"வேணாம்னு சொல்லிடு. என் கடை."

கோபமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் சொன்னதில் பிழை எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. வெட்கமாகவும் இருந்தது.

அவளையும் கூட்டிக்கொண்டு மறுபடி பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அவள் சொல்லச் சொல்ல அடித்தேன். கீழே அவள் பெயர், உரிமையாளர். பிறகும் கீபோர்டிலிருந்து கையை எடுக்கவில்லை.

"உம்பேரும் போட்டுக்கோ," என்றாள்.

"என்னன்னு போடுறது?"

யோசித்துவிட்டுச் சொன்னாள்: "கடையில வேலை செய்யறவருன்னு போடு."